உராய்வுத் தரையில் சுருள்வில்லை அமுக்கும் கட்டை: ஆற்றல் கணக்கா, விசைச் சமன்பாடா?

சொரசொரப்பான தரையில் வழுக்கி வரும் ஒரு கட்டை, சுவரில் பொருத்தப்பட்டிருக்கும் சுருள்வில்லின் மீது மோதி அதை அமுக்குகிறது. வில் அதிகபட்சமாக எவ்வளவு அமுங்கும் என்பதே கேள்வி. இதற்கு விடை காண இரண்டு வழிகள் உண்டு: தொடக்கத்தில் இருந்த ஆற்றல் எங்கெங்கே போனது என்று கணக்கெடுப்பது ஒன்று, கட்டையின் மீது செயல்படும் விசைகளைக் கொண்டு இயக்கச் சமன்பாட்டை எழுதித் தீர்ப்பது மற்றொன்று. மாணவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தரும்போது எதை முதலில் வைப்பது என்று நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. சில காலம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பிறகு ஆற்றல் கணக்கையே முதல் வழியாக வைத்துக்கொண்டேன். அதற்கான காரணத்தை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டே சொல்லிவிடலாம்.

கட்டையின் நிறை 2 கிலோகிராம். தரைக்கும் கட்டைக்கும் இடையிலான இயக்க உராய்வுக் குணகம் 0.25. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால், கிடைத்தரையில் உராய்வு விசை 5 நியூட்டன். சுருள் மாறிலி மீட்டருக்கு 200 நியூட்டன். வில்லின் முனையிலிருந்து 0.4 மீட்டர் தொலைவில் கட்டை நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது. அந்த இடத்தில் அதன் இயக்க ஆற்றல் 16 ஜூல்.

ஆற்றல் வழியில் எழுத வேண்டியது ஒரே வரிதான். கட்டை நிற்கும் கணத்தில் அந்த 16 ஜூலும் இரண்டு இடங்களில் இருக்கும்: ஒரு பகுதி உராய்வால் வெப்பமாகியிருக்கும், மீதி வில்லில் சேர்ந்திருக்கும்.

```
16 = 5(0.4 + x) + 100x²
100x² + 5x − 14 = 0
x = (−5 + 75)/200 = 0.35
```

ஆக, வில் 35 சென்டிமீட்டர் அமுங்குகிறது. 100x² என்பது ½kx²-இலிருந்து வந்தது. வில்லின் விசை சுழியத்திலிருந்து 70 நியூட்டன் வரை படிப்படியாக வளர்வதால் அங்கே பாதி என்ற காரணி வருகிறது. உராய்வோ தொடக்கம் முதல் கடைசி வரை மாறாத 5 நியூட்டன் என்பதால் அதற்குப் பாதி கிடையாது. இந்த வேறுபாட்டை ஒருமுறை நின்று புரிந்துகொண்டவர்கள் சமன்பாட்டை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

விசை வழியில் கட்டை வில்லைத் தொட்ட கணத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கணத்தின் வேகம் முதலில் தேவைப்படுவதால், 0.4 மீட்டர் வழுக்கியதில் 2 ஜூல் போக 14 ஜூல் மீதி என்றோ, சீரான எதிர்முடுக்கத்தைக் கொண்டோ, வேகம் நொடிக்கு 3.74 மீட்டர் என்று கண்டுபிடிக்கிறோம். அதன் பிறகு 2a = −200x − 5 என்ற சமன்பாடு. உராய்வு ஒரு மாறிலியாக இருப்பதால் இது தனிச்சீரிசை இயக்கம்தான். ஆனால் அதன் மையம் வில்லின் இயல்பு நிலையில் இல்லாமல், கட்டை வந்த பக்கமாக 0.025 மீட்டர் தள்ளி அமைகிறது. கோண அதிர்வெண் 10, வீச்சு 0.375 மீட்டர். வீச்சிலிருந்து 0.025-ஐக் கழித்தால் அதே 0.35 மீட்டர் வருகிறது. இரண்டு வழிகளும் ஒரே விடையைத் தருவதில் வியப்பில்லை. எது சுருக்கம் என்பதும் பார்த்தவுடனே தெரிவதால் அதைப் பற்றி மேலும் பேசப் போவதில்லை.

என்னை ஆற்றல் வழியின் பக்கம் சாய வைத்தது சுருக்கம் அன்று. கணக்கில் தவறு நுழைந்தால் அது வெளியே தெரியுமா, தெரியாதா என்பதுதான் எனக்கு முடிவைத் தீர்மானித்த கேள்வி.

இந்தக் கணக்கில் நான் அடிக்கடி பார்க்கும் தவறான விடை 0.374 மீட்டர். கட்டை வில்லைத் தொடும் வரை உராய்வைக் கழித்து 14 ஜூல் என்று சரியாக எழுதிவிட்டு, அதன் பிறகு 14 = 100x² என்று போட்டுவிடுகிறார்கள். வில் வந்துவிட்டதால் தரையை மறந்துவிடுகிறார்கள். ஆனால் வில் அமுங்கும்போதும் கட்டை அதே தரையைத் தேய்த்துக்கொண்டேதான் போகிறது. இந்த விடையை ஆற்றல் கணக்கில் திரும்ப வைத்துப் பார்த்தால் உடனே அம்பலமாகிவிடும்: வில்லில் 14 ஜூல், தொடும் முன் உராய்ந்ததில் 2 ஜூல், அமுங்கும் தூரத்தில் உராய்ந்ததில் ஏறத்தாழ 1.87 ஜூல், ஆக மொத்தம் 17.87 ஜூல். கையிலிருந்ததோ 16. இதே மாணவர் விசை வழியில் சமன்பாட்டிலிருந்து 5-ஐ விட்டுவிட்டாலும் அதே 0.374-தான் வரும். ஆனால் அங்கே அவர் கண்ணுக்குத் தெரிவது, வீச்சு என்ற பெயரில் எந்தக் குறையும் இல்லாத ஓர் எண் மட்டுமே. அதைச் சரிபார்க்க வேண்டுமென்றால் கடைசியில் ஆற்றல் கணக்குக்குத்தான் வர வேண்டியிருக்கும்.

தரை, வில் தொடங்கும் இடம் வரை மட்டும் சொரசொரப்பாகவும் அதற்கப்பால் வழுவழுப்பாகவும் இருந்தால், 0.374 மீட்டர் என்பதே சரியான விடை. ஆகவே எண்ணை மட்டும் பார்த்துத் தவறு என்று சொல்லிவிட முடியாது. உராய்வு எந்தத் தூரத்துக்குச் செயல்படுகிறது என்பதைக் கேள்வியிலிருந்தே படித்தறிய வேண்டும். ஆற்றல் சமன்பாட்டில் அந்தத் தூரம் (0.4 + x) என்று அடைப்புக்குள் வெளிப்படையாக நிற்பதால், அதை எழுதும்போதே கை ஒரு கணம் நின்று யோசிக்கிறது.

இதைவிட ஆழமான தவறு கட்டை திரும்பி வரும்போது நேர்கிறது. 35 சென்டிமீட்டர் அமுங்கிய வில் 70 நியூட்டன் விசையுடன் கட்டையைத் திருப்பித் தள்ளும். அப்போது கட்டை எதிர்த்திசையில் நகர்வதால் உராய்வின் திசையும் மாறுகிறது. விசை வழியில் இதைக் கவனிக்காமல், முன்பு எழுதிய அதே சமன்பாட்டைத் தொடர்ந்து பயன்படுத்துவது மிக எளிதாக நடந்துவிடுகிறது. சமன்பாடும் எந்த எச்சரிக்கையும் தராமல் இயங்கிக்கொண்டே இருக்கும். விளைவாக, வில் இயல்பு நிலைக்கு வரும்போது கட்டைக்கு மீண்டும் நொடிக்கு 3.74 மீட்டர் வேகம் கிடைத்துவிடும். அதாவது, வில்லில் 12.25 ஜூல் மட்டுமே இருந்த நிலையில் கட்டையிடம் 14 ஜூல் வந்து சேர்கிறது. வரும் வழியில் தான் எடுத்துக்கொண்ட 1.75 ஜூலை உராய்வு திருப்பிக் கொடுத்துவிட்டது என்று பொருள். அப்படி ஒரு தரை எங்கும் கிடையாது.

ஆற்றல் வழியில் திரும்பும் பயணத்துக்குப் புதிதாக ஒரு வரி எழுதுகிறோம்: 12.25 ஜூலிலிருந்து மறுபடியும் 1.75 போக, வில்லை விட்டு விலகும்போது 10.5 ஜூல். வேகம் நொடிக்கு 3.24 மீட்டர். அந்த 10.5 ஜூலும் 5 நியூட்டன் உராய்வில் தீர்வதற்கு 2.1 மீட்டர் தூரம் ஆகும். இனிச் சரிபார்ப்பைக் கவனியுங்கள். கட்டை வில்லோடு ஒட்டிக்கொள்ளாமல் விலகிப்போய் நின்றுவிட்டால், வில்லில் ஆற்றல் ஏதும் மீதமில்லை. முழு 16 ஜூலும் உராய்வில்தான் தீர்ந்திருக்க வேண்டும். 16-ஐ 5-ஆல் வகுத்தால் 3.2 மீட்டர். நம் கணக்கில் 0.4, 0.35, 0.35, 2.1 ஆகியவற்றைக் கூட்டினாலும் 3.2 மீட்டர். வில்லின் மாறிலியையே தொடாத ஒரு கணக்கு, அதைப் பயன்படுத்திப் பெற்ற விடைகளை உறுதிசெய்கிறது. இந்த ஒரு கூட்டலைச் செய்து பார்க்கும் பழக்கம் வந்த மாணவர்கள் உராய்வுக் குறியில் தவறுவது மிகவும் குறைந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

விசை வழிக்கு இரண்டு இடங்களில் உரிய மதிப்பைத் தர வேண்டும். முதலாவது, இருபடிச் சமன்பாட்டின் மற்றொரு தீர்வு. (−5 − 75)/200 என்பது −0.40 மீட்டர். ஆற்றல் வழியில் இதை எதிர்க்குறி என்று தள்ளிவிடுவோம். ஏன் அது அங்கே வந்தது என்பதற்கு அந்த வழியில் எளிய பதில் இல்லை. விசை வழியிலோ −0.025 என்ற மையத்திலிருந்து 0.375 வீச்சு இரு பக்கமும் சென்றால் ஒரு முனை 0.35, மறுமுனை −0.40 என்பது படமாகவே தெரிகிறது. உராய்வு திசை மாறாமல், கட்டையும் வில்லோடு ஒட்டிக்கொண்டே இருக்கும் பொய்யான உலகில் கட்டை திரும்பிப்போய் நிற்கும் இடம்தான் அது. மேலே சொன்ன திரும்பும் பயணத் தவறின் மறுமுகம் என்றும் சொல்லலாம்.

இரண்டாவது, நேரம். தொட்ட கணத்திலிருந்து நிற்கும் வரை எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் ஆற்றல் சமன்பாடு நேரடியாகப் பதில் தராது. விசை வழி 0.15 நொடி என்று சொல்லிவிடும். நேரம் கேட்கப்படும் கணக்குகளில் நானும் தயங்காமல் விசை வழிக்கே போகிறேன்.

தரை சாய்தளமானால் ஆற்றல் வரியில் ஈர்ப்பின் வேலைக்கு ஓர் உறுப்பைச் சேர்த்து, உராய்வில் செங்குத்து விசையை mg cosθ என்று மாற்றினால் போதும். வில்லின் விசை kx + cx³ என்று நேர்விகிதத்திலிருந்து விலகினாலும் ¼cx⁴ என்ற ஓர் உறுப்புதான் கூடும். விசை வழியில் அங்கே தனிச்சீரிசை இயக்கமே கலைந்துவிடுகிறது. உராய்வு வேகத்தைப் பொறுத்து மாறும் தரைகளில் எனக்குப் பயிற்சி குறைவு. அங்கே உராய்வின் வேலையைக் கணக்கிடவே ஒவ்வோர் இடத்திலும் வேகம் தெரிய வேண்டியிருப்பதால், என் சாய்வு அதுவரை செல்லும் என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன்.

இரண்டு வழிகளும் தாமாகச் சொல்லாத ஒன்று, கட்டை நின்ற பிறகு திரும்புமா என்பது. அதற்கு நின்ற இடத்தில் வில்லின் விசையை ஓய்வுநிலை உராய்வின் உச்ச அளவோடு ஒப்பிட வேண்டும். நம் தரையில் ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.3 என்றால் அந்த உச்சம் 6 நியூட்டன். 70 நியூட்டனுக்கு அது தாங்காது, கட்டை திரும்பும். வில் 3 சென்டிமீட்டருக்கு மேல் அமுங்கவில்லை என்றால் மட்டுமே கட்டை அங்கேயே நின்றுவிடும். ஆற்றல் வரியில் x = 0.03 என்று வைத்துப் பார்த்தால், இதற்குத் தொடக்க ஆற்றல் 2.24 ஜூல், அதாவது வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1.50 மீட்டர் என்று வருகிறது. 1.41 மீட்டருக்கும் குறைவான வேகத்தில் வந்தால் கட்டை வில்லை எட்டவே எட்டாது. எனவே வில்லை அமுக்கிவிட்டு அப்படியே அசையாமல் நிற்பதற்கு, கட்டையின் வேகம் இந்த இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட குறுகிய இடைவெளிக்குள் இருந்தாக வேண்டும்.