டி-ஸ்கோரா, இசட்-ஸ்கோரா: எலும்பு அடர்த்தி ஸ்கேன் அறிக்கையில் எந்த எண்ணை எப்போது பார்ப்பது?

டெக்சா எனப்படும் எலும்பு அடர்த்தி ஸ்கேனின் அறிக்கையைக் கையில் வாங்கும் பெரும்பாலோர் முதலில் தேடுவது டி-ஸ்கோர் என்ற எண்ணைத்தான். அதன் பக்கத்திலேயே இசட்-ஸ்கோர் என்று இன்னொரு எண் இருக்கும். அது பெரும்பாலும் டி-ஸ்கோரைவிடச் சற்று ஆறுதலாகத் தோன்றும். ஒரே எலும்புக்கு ஒன்று மைனஸ் 2.1 என்றும் மற்றொன்று மைனஸ் 0.9 என்றும் இருந்தால் எதை நம்புவது என்ற குழப்பம் இயல்பானதே. உண்மையில் இரண்டும் ஒரே அளவீட்டிலிருந்து பிறந்தவை. ஒப்பிடப்படும் ஆள்தான் வேறு.

கருவி அளப்பது ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் எத்தனை கிராம் எலும்புத் தாது இருக்கிறது என்பதை மட்டுமே. அந்த அளவிலிருந்து இளவயதினரின் சராசரியைக் கழித்து, வந்ததை அந்த இளவயதினருக்குரிய திட்ட விலக்கத்தால், அதாவது அவர்களுடைய அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் எண்ணால், வகுத்தால் கிடைப்பது டி-ஸ்கோர். இளவயதினருக்குப் பதிலாக நோயாளியின் வயதையும் பாலினத்தையும் ஒத்தவர்களின் சராசரியைக் கழித்து, அவர்களுடைய திட்ட விலக்கத்தால் வகுத்தால் கிடைப்பது இசட்-ஸ்கோர். அறிக்கையில் வண்ணப் பட்டைகளோடு ஒரு வரைபடம் இருக்கும். கிடையாக ஓடும் பட்டைகளில் உங்கள் புள்ளி எங்கே விழுகிறது என்பது டி-ஸ்கோரைச் சொல்லும்; வயதோடு சரிந்து இறங்கும் வளைவுக்கு அந்தப் புள்ளி எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்பது இசட்-ஸ்கோரைச் சொல்லும்.

அறுபத்தாறு வயதுப் பெண்மணி ஒருவரின் அறிக்கையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் அவருக்கு 0.606 கிராம் இருக்கிறது. அமெரிக்காவில் மக்கள்தொகை ஆய்வொன்றில் திரட்டப்பட்டு, உலகெங்கும் அடிப்படையாகப் பயன்படும் அட்டவணைப்படி, இருபது முதல் இருபத்தொன்பது வயதுடைய வெள்ளையினப் பெண்களின் சராசரி 0.858, திட்ட விலக்கம் 0.120. கழித்து வகுத்தால் டி-ஸ்கோர் மைனஸ் 2.1 வருகிறது. அவர் வயதுப் பெண்களின் சராசரியை 0.70 என்றும் திட்ட விலக்கத்தை 0.11 என்றும் கொண்டால் இசட்-ஸ்கோர் ஏறத்தாழ மைனஸ் 0.9 ஆகும். தன் வயதுக்காரர்களோடு சேர்த்துப் பார்த்தால் அவர் அவ்வளவாகப் பின்தங்கவில்லை; ஆனால் அந்த வயதுக்காரர்கள் அனைவரும் சேர்ந்தே எலும்பை இழந்திருக்கிறார்கள் என்பதை இசட்-ஸ்கோர் வாய்விட்டுச் சொல்லாது. கீழே விழும்போது எலும்பு முறியுமா என்பதைத் தீர்மானிப்பது அதன் வலிமையே. அண்டை வீட்டுக்காரரின் எலும்பு எப்படி இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

இதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த வரையறை, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு டி-ஸ்கோரை அடிப்படையாகக் கொண்டது. மைனஸ் 1.0 அல்லது அதற்கு மேல் இருந்தால் இயல்பு, மைனஸ் 1.0க்கும் மைனஸ் 2.5க்கும் இடையில் இருந்தால் ஆஸ்டியோபீனியா எனும் அடர்த்திக் குறைவு, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ் எனும் எலும்புப்புரை. ஐம்பது வயதைக் கடந்த ஆண்களுக்கும் இப்போது இதே அளவுகோல் பயன்படுகிறது. முதுகு, இடுப்பு ஆகிய இடங்களில் எடுத்த எண்களில் எது மிகக் குறைவோ அதை வைத்தே முடிவு சொல்வார்கள்.

முதியவர்களிடம் இசட்-ஸ்கோரைக் காட்டி ஆறுதல் சொல்வதை நான் பிழையென்றே கருதுகிறேன். மேலே சொன்ன பெண்மணி சிகிச்சை எதுவும் இல்லாமல் எழுபத்துநான்கு வயதை எட்டும்போது, கழுத்துப் பகுதியின் அளவு 0.606லிருந்து 0.560க்கு இறங்கிவிட்டது என்று கொள்வோம். டி-ஸ்கோர் மைனஸ் 2.5ஐத் தொட்டுவிடும். ஆனால் அந்த வயதினரின் சராசரியும் 0.64 அளவுக்குக் கீழிறங்கியிருந்தால் இசட்-ஸ்கோர் மைனஸ் 0.7 ஆகிவிடும். அதாவது எலும்பில் பதின்மூன்றில் ஒரு பங்கு கரைந்திருக்க, இசட்-ஸ்கோர் மட்டும் முன்னேறியிருப்பதாகக் காட்டும்.

இளவயதினரிடம் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. முப்பத்தொரு வயதுப் பெண்ணின் முதுகெலும்பில் டி-ஸ்கோர் மைனஸ் 2.6, இசட்-ஸ்கோர் மைனஸ் 2.5 என்று வருகிறது. அந்த வயதில் இரண்டு எண்களும் அருகருகே இருப்பதில் வியப்பில்லை, ஒப்பிடப்படும் கூட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கணினி தன்போக்கில் “எலும்புப்புரை” என்று அச்சிட்டுத் தந்தால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் ஐம்பது வயதுக்குட்பட்ட ஆண்களுக்கும் இசட்-ஸ்கோரையே பார்க்க வேண்டும் என்பதும், அது மைனஸ் 2.0 அல்லது அதற்குக் கீழே இருந்தால் “வயதுக்கு எதிர்பார்க்கப்படும் அளவைவிடக் குறைவு” என்று மட்டுமே எழுத வேண்டும் என்பதும் பன்னாட்டு மருத்துவ அடர்த்தியளவீட்டுச் சங்கத்தின் நிலைப்பாடு. அடர்த்தி எண்ணை மட்டும் வைத்து அந்த வயதில் எலும்புப்புரை என்று முடிவுகட்டுவதில்லை.

இங்கே இசட்-ஸ்கோர் எழுப்பும் கேள்வி, “இந்த வயதில் இவருக்கு மட்டும் ஏன் இப்படி?” என்பதாகும். நீண்டகால ஸ்டீராய்டு மாத்திரை, பாராதைராய்டு சுரப்பியின் மிகைச் சுரப்பு, தைராய்டு மிகைப்பு, குடல் உணவை உறிஞ்சாத நோய்கள், முன்கூட்டியே நின்றுபோன மாதவிடாய் என்று காரணங்களைத் தேட வேண்டும். வைட்டமின் டி குறைபாடு பரவலாக உள்ள நம் நாட்டில், எலும்பில் தாது சரியாகப் படியாத ஆஸ்டியோமலேசியாவையும் மறக்கக் கூடாது. இரண்டு நோய்களிலும் ஸ்கேன் எண் ஒரே மாதிரிதான் இறங்கும். ஆனால் எலும்புப்புரைக்குத் தரும் பிஸ்பாஸ்போனேட் மருந்தை வைட்டமின் டியும் கால்சியமும் குறைந்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்தால் இரத்தக் கால்சியம் மேலும் இறங்கிவிடலாம். ஆகவே கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்படேஸ், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் ஆகிய இரத்தப் பரிசோதனைகளே இந்தப் பெண்ணுக்கு முதல் படி. முதியவர்களிடமும் இசட்-ஸ்கோர் மைனஸ் 2.0க்குக் கீழே போனால் வயதைத் தவிர வேறு காரணம் இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையாக அதைக் கொள்ளலாம். அந்த அளவில் மட்டுமே அவர்களுக்கு அது பயன்படும்.

உயரம் குறைந்தவர்கள் இன்னொன்றையும் கருத வேண்டும். கருவி பரப்பைத்தான் அளக்கிறது, எலும்பின் ஆழத்தை அது காண்பதில்லை. ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் 0.3 கிராம் தாது உள்ள ஒரு கனசதுரத்தின் பக்கம் 3 சென்டிமீட்டராக இருந்தால் ஸ்கேன் 0.90 என்று காட்டும். அதே தரமான எலும்பு 3.5 சென்டிமீட்டர் பக்கம் உடையதாக இருந்தால் 1.05 என்று காட்டும். சிறிய உடலமைப்பு கொண்ட இந்தியப் பெண்ணை வெள்ளையினப் பெண்களின் அட்டவணையோடு ஒப்பிடும்போது, எண் தேவைக்கு மேல் தாழ்ந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்தியர்களுக்கென ஓர் அளவுகோலைத் திரட்டி வெளியிட்டிருக்கிறது. அட்டவணை மாறினால் ஸ்கோரும் மாறும் என்பதால், அறிக்கையில் எந்த மக்கள்தொகையின் அட்டவணை குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

இத்தனைக்கும் பிறகு, இரண்டு எண்களையும் ஒருசேரக் கவிழ்த்துவிடக்கூடியது ஸ்கேன் படம். பலர் அதைத் திரும்பியே பார்ப்பதில்லை. நம் அறுபத்தாறு வயதுப் பெண்மணியின் கீழ்முதுகுக்கு ஒட்டுமொத்த டி-ஸ்கோர் மைனஸ் 1.6 என்று அச்சாகியிருக்கிறது. இடுப்பில் மைனஸ் 2.1 என்பதால், இரண்டையும் சேர்த்தால் அடர்த்திக் குறைவு மட்டுமே என்று அறிக்கை முடிந்துவிடும். ஆனால் கட்டம் கட்டமாகப் பிரித்த எண்களைப் பாருங்கள்: முதல் முள்ளெலும்பில் மைனஸ் 2.6, இரண்டாவதில் மைனஸ் 2.7, மூன்றாவதில் மைனஸ் 0.9, நான்காவதில் மைனஸ் 0.6. படத்தில் கீழிரு எலும்புகளின் ஓரங்கள் மட்டும் பளிச்சென்று வெளுத்துத் தடித்திருக்கின்றன. அது தேய்மானத்தால் வளர்ந்த எலும்பு முள். அந்தக் கூடுதல் சுண்ணாம்பையும் கருவி எலும்பு அடர்த்தியாகவே கணக்கிட்டுவிட்டது. முதுகெலும்புக்கு முன்னால் ஓடும் பெருந்தமனியில் படிந்த சுண்ணாம்பும் இதே கணக்கில் சேரும். நசுங்கிய முள்ளெலும்பு இன்னும் மோசம்: அதே தாது குறைந்த பரப்பில் நெருங்கிவிடுவதால், முறிந்த எலும்பு உறுதியான எலும்பைப் போல உயர்ந்த எண்ணைத் தரும்.

அடுத்தடுத்த முள்ளெலும்புகளுக்கு இடையே டி-ஸ்கோர் 1.0க்கு மேல் வேறுபட்டால் பிறழ்ந்ததை விலக்கிவிட்டுக் கணக்கிட வேண்டும். குறைந்தது இரண்டு முள்ளெலும்புகளாவது மிஞ்ச வேண்டும். இவருக்கு மூன்றையும் நான்கையும் விலக்கினால் எஞ்சிய இரண்டின் டி-ஸ்கோர் மைனஸ் 2.6 அல்லது 2.7க்கு வருகிறது. நோயின் பெயரே மாறிவிடுகிறது. ஒருவேளை இவருக்கு நின்ற உயரத்திலிருந்து விழுந்தே ஏற்கெனவே இடுப்போ முள்ளெலும்போ முறிந்திருந்தால், எந்த ஸ்கோரும் தேவையில்லை. அந்த முறிவே எலும்புப்புரையை உறுதிசெய்துவிடும்.

இடுப்புப் படத்தில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: தொடை எலும்பின் உட்புறத்தில் புடைத்திருக்கும் சிறு முடிச்சு. பாதத்தை உட்புறமாகத் திருப்பிக் கட்டி எடுத்திருந்தால் அது சிறிதாகவோ தெரியாமலோ இருக்கும். பெரிதாகத் துருத்தித் தெரிந்தால் கால் சரியாகத் திருப்பப்படவில்லை என்று பொருள். கழுத்துப் பகுதி குறுகிப் பதிந்து அடர்த்தி உண்மையைவிட உயர்ந்து வந்திருக்கலாம்.

இலவச முகாம்களில் குதிகாலை அல்ட்ராசவுண்ட் கருவியில் வைத்துத் தரும் சீட்டிலும் டி-ஸ்கோர் என்று அச்சாகியிருக்கும். பெயர் ஒன்றாயினும் அந்த எண்ணுக்கு மைனஸ் 2.5 என்ற எல்லை பொருந்தாது, ஏனெனில் அந்த எல்லை டெக்சா கருவியில் முதுகு, இடுப்பு போன்ற குறிப்பிட்ட இடங்களில் அளந்ததற்காக வகுக்கப்பட்டது. சீட்டில் எண் தாழ்ந்திருந்தால் டெக்சா எடுத்துப் பார்க்கலாம். அதை மட்டும் வைத்து மருந்தைத் தொடங்குவதில் நியாயமில்லை.

மறு ஸ்கேனின்போது டி-ஸ்கோர், இசட்-ஸ்கோர் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, சதுர சென்டிமீட்டருக்கான கிராம் கணக்கையே பழையதோடு ஒப்பிட வேண்டும். அதுவும் அதே கருவியில் எடுத்ததாக இருக்க வேண்டும், ஏனெனில் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே எலும்புக்கு வெவ்வேறு அளவைத் தரும். இந்தப் பெண்மணி இரண்டாண்டுகள் மருந்து எடுத்தபின் இடுப்பின் மொத்த அளவு 0.742லிருந்து 0.760 ஆனால், அது இரண்டரை சதவீதத்துக்கும் குறைவான ஏற்றம். ஒவ்வொரு மையமும் தன் கருவியின் பிழை எல்லையைத் தானே கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும். இடுப்புக்கு அது 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த மையத்தின் எல்லை 4 சதவீதமாக இருந்தால், இவருடைய எலும்பு கூடியதாகவும் சொல்ல முடியாது, குறைந்ததாகவும் சொல்ல முடியாது.