பேலன்ஸ் இருந்தும் ஏன் வட்டி போட்டார்கள்?

அண்மையில் கணக்குத் தொடங்கிய நண்பர் தன் ஸ்டேட்மென்ட்டை அனுப்பியிருந்தார். "பேலன்ஸ் ஒரு நாள்கூட மைனஸில் போகவில்லை. அப்புறம் எதற்கு ஓவர்டிராஃப்ட் வட்டி?" என்பது அவர் கேள்வி. பேலன்ஸுக்கு மேலும் ஒரு வரம்பு வரை வங்கி கடனாகத் தரும் ஓவர்டிராஃப்ட்டும், குறித்த தேதியில் தானாகப் பணம் அனுப்பும் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷனும் சேர்ந்த கணக்கைப் பல வருடங்களாக வைத்திருக்கிறேன். எனக்கும் இதில்தான் தீராத எரிச்சல்.

டெபிட் என்றால் கணக்கிலிருந்து பணம் போனது, கிரெடிட் என்றால் வந்தது. ஸ்டேட்மென்ட் படிக்க இது போதும். பேலன்ஸ் எண்ணுக்குப் பக்கத்தில் Dr என்று இருந்தால் மட்டும் நின்று பாருங்கள். அவ்வளவு பணம் நீங்கள் வங்கிக்குத் தர வேண்டியிருக்கிறது.

சிக்கலே பேலன்ஸில்தான். நண்பரின் கணக்கைச் சுருக்கி, முழு எண்களாக்கிச் சொல்கிறேன். மூன்றாம் தேதி அவரிடம் 2,000 இருந்தது. அன்று 8,000-க்கு ஒரு காசோலை போட்டார். உடனே அது கிரெடிட் என்று பதிவாகி, பேலன்ஸ் 10,000 ஆனது. ஐந்தாம் தேதி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்படி 6,000 டெபிட் ஆனது, மீதி 4,000. அவர் கண்ணில் பட்டது இவ்வளவுதான்.

ஆனால் அந்தக் காசோலைப் பணம் வங்கியின் கைக்கு வந்தது ஏழாம் தேதி. அதுவரை அந்த 8,000 பதிவேட்டில் இருக்கும் எண், அவ்வளவுதான். உண்மையில் இருந்த 2,000-லிருந்து 6,000 போக வேண்டியிருந்ததால் 4,000 பற்றாக்குறை ஆனது. அந்தக் குறையை 5,000 வரை அனுமதிக்கப்பட்டிருந்த ஓவர்டிராஃப்ட் தாங்கிக்கொண்டது. ஐந்து, ஆறு ஆகிய இரண்டு நாளுக்கு வட்டி. ஆண்டுக்கு 18 விழுக்காடு என்று வைத்தாலும் அது நான்கைத் தாண்டாது. தொகை சின்னதுதான். ஆனால் ஸ்டேட்மென்ட்டின் பேலன்ஸ் வரிசையை மட்டும் பார்ப்பவருக்கு அந்த வட்டி எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் விளங்காது.

விடை வேல்யூ டேட் என்ற பத்தியில் இருக்கிறது. பணம் எந்த நாளிலிருந்து வட்டிக் கணக்கில் சேர்கிறது என்பதை அது காட்டும். அந்தக் காசோலை வரியில் பதிவுத் தேதி மூன்று, வேல்யூ டேட் ஏழு. சில ஸ்டேட்மென்ட்களில் இந்தப் பத்தியையே விட்டுவிடுகிறார்கள். கேட்டால் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். வட்டியின் கணக்கே அதில்தான் இருக்கும்போது அதை மறைத்து வைப்பது எந்த விதத்திலும் நியாயமில்லை.

இப்போது எடுக்கக்கூடிய தொகை என்று வங்கி காட்டும் அவைலபிள் பேலன்ஸைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். கிளியர் ஆகாத காசோலையை அது கழித்துவிடும், சரி. ஆனால் பல வங்கிகளில் ஓவர்டிராஃப்ட் வரம்பையும் அதில் கூட்டிக் காட்டுவார்கள். மூன்றாம் தேதி நண்பருக்கு அது 7,000 என்று வந்திருக்கும். அதில் அவருடைய பணம் 2,000 மட்டுமே, மற்றது கடன். உங்கள் வங்கி எப்படிக் காட்டுகிறது என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷனைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். இன்ன தேதியில், இன்ன கணக்குக்கு, இவ்வளவு என்று நீங்களே கொடுக்கும் கட்டளை அது. நீங்கள் மாற்றாமல் தொகை மாறாது. இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு தவணைகூடத் தவறியதில்லை. ஆனால் பணம் வரும் நாளிலேயே அதை வைக்காதீர்கள். பல வங்கிகள் இந்தக் கட்டளைகளை அதிகாலையில் ஒரே தொகுப்பாக ஓட்டிவிடும். சம்பளம் நண்பகலில் கிரெடிட் ஆனால் பயனில்லை. ஓவர்டிராஃப்ட் இல்லாத கணக்கில் கட்டளை நிறைவேறாமல் திரும்பும், சில இடங்களில் அதற்கும் கட்டணம் டெபிட் ஆகும். மறுபடி முயல்வார்களா, அடுத்த மாதம்தானா என்பது வங்கிக்கு வங்கி மாறும். இரண்டு மூன்று நாள் தள்ளி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஓவர்டிராஃப்ட்டும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. நண்பரின் தவணை திரும்பாமல் காப்பாற்றியது அதுதான். இருந்தாலும், இப்போதுதான் கணக்குத் தொடங்குகிறீர்கள் என்றால் அதை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். வேல்யூ டேட்டையும் வரம்பு நீங்கலான பேலன்ஸையும் முதல் பக்கத்திலேயே அச்சிடும் வங்கி கிடைத்தால் அப்போது யோசிக்கலாம்.