மேனேஜராக இருந்து மீண்டும் எஞ்சினியர்: புரொஃபைலில் எப்படி எழுதுவது?

ஒன்பது பேர் கொண்ட டீமுக்கு ஏறக்குறைய மூன்று வருடம் எஞ்சினியரிங் மேனேஜராக இருந்துவிட்டு, அதே கம்பெனியில் சீனியர் எஞ்சினியராகத் திரும்பினேன். நானே கேட்டு வாங்கிய மாற்றம். சம்பளம் குறையவில்லை, உட்காரும் இடம்கூட அதேதான். ஆனால் லிங்க்ட்இன் புரொஃபைலைத் திருத்த உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. இருப்பதை அப்படியே எழுதினால் ‘இறக்கிவிட்டார்கள் போல’ என்று நினைப்பார்களே என்கிற கூச்சம்தான்.

வேறு கம்பெனிக்குப் போய் எஞ்சினியராகச் சேருபவருக்கு இந்தச் சிக்கல் குறைவு. புது இடம், புது வேலை என்று பார்க்கிறவர் கடந்துபோய்விடுவார். ஒரே கம்பெனிக்குள் திரும்பும்போதுதான் எழுதுவது கடினம். அதற்கு மூன்று வழிகள் உண்டு. முதல் இரண்டையும் நான் செய்து பார்த்தேன்.

முதல் வழி, எல்லாவற்றையும் ஒரே பதிவாக்குவது. சேர்ந்த தேதியிலிருந்து இன்றுவரை மொத்தத்துக்கும் ‘எஞ்சினியரிங் மேனேஜர்’ என்று ஒரே பெயர். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஆள் தேடும் ரெக்ரூட்டர்கள் பெரும்பாலும் இப்போதைய பதவிப் பெயரை வைத்துத்தான் வடிகட்டுகிறார்கள். அதனால் எனக்கு வந்த அழைப்புகள் எல்லாம் மேனேஜர் வேலைக்கு. ஒரு அழைப்பில், “இப்ப உங்களுக்குக் கீழ எத்தனை பேர் சார்?” என்றார் ஒருவர். “யாரும் இல்லை” என்றேன். சில நொடிகள் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் நான் விளக்கிய எதுவும் சமாளிப்பாகவே கேட்டிருக்கும். உண்மையைச் சொல்லியும் பொய்யனாகத் தெரிவது இப்படித்தான்.

அழைப்போடு முடிகிற விஷயமும் இல்லை. வேலை உறுதியான பிறகு பின்னணிச் சரிபார்ப்பு நடந்தால், அவர்கள் பழைய கம்பெனியின் ஹெச்ஆரிடம் முக்கியமாகக் கேட்பது பதவிப் பெயரும் தேதியும்தான். நான் என்ன சாதித்தேன் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. எந்தத் தேதியில் எந்தப் பெயரில் இருந்தேன் என்பது பதிவில் இருக்கும். கடைசிப் பதவி சீனியர் எஞ்சினியர் என்று பதில் வந்தால் ஒரே பதிவு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது வழி, கலப்புப் பெயர். ‘டெக் லீட் மற்றும் மேனேஜர்’, ‘பிளேயர் கோச்’ மாதிரி. உண்மையிலேயே பாதி நாள் கோடு எழுதி, பாதி நாள் ஆட்களைப் பார்த்துக்கொண்டவருக்கு இது சரியான பெயர். எனக்கு இல்லை. டீமைப் பார்த்துக்கொண்ட கடைசி ஒரு வருடத்தில் நான் ரிப்பாசிட்டரியில் சேர்த்தவை எல்லாம் கான்ஃபிகரேஷன் திருத்தங்கள்தான். அதைக் கோடு என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. கலப்புப் பெயரில் இன்னொரு தொல்லையும் உண்டு. எஞ்சினியர் தேடுகிறவர் ‘இவர் கையால் வேலை செய்து நாளாயிருக்கும்’ என்று நினைப்பார். மேனேஜர் தேடுகிறவர் ‘முழு மேனேஜர் இல்லை’ என்று நினைப்பார். இரண்டு பக்கமும் சந்தேகத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன். ஒரே மாதத்தில் அழித்துவிட்டேன்.

மூன்றாவது, நடந்ததை நடந்தபடி தனித்தனிப் பதிவுகளாக எழுதுவது. எனக்கு மூன்று: 2016 முதல் 2020 மே வரை சீனியர் எஞ்சினியர், 2020 ஜூன் முதல் 2023 மார்ச் வரை எஞ்சினியரிங் மேனேஜர், 2023 ஏப்ரலிலிருந்து மறுபடி சீனியர் எஞ்சினியர். மூன்றிலும் அதே கம்பெனிப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் லிங்க்ட்இன் அவற்றை ஒரே பெயருக்குக் கீழே அடுக்கி, மொத்த வருடங்களை மேலே காட்டுகிறது. பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது ஒரே இடத்தில் நீண்ட காலம் இருந்தவர் என்பதுதான். பதவிப் பெயர் மாறியது அதற்கு அடுத்துத்தான். (சேமிக்கும் முன் தொடர்புகளுக்கு அறிவிக்கும் பொத்தானை அணைத்துவிடுங்கள். நான் மறந்தேன். பத்து பேர் ‘புதிய பதவிக்கு வாழ்த்துகள்’ அனுப்பினார்கள். அதில் இருவர் பிரமோஷன் பார்ட்டி கேட்டார்கள்.)

தேதியில் ஒரு நெளிவு இருந்தது. 2023 ஜனவரியிலேயே நான் ஆட்களைப் புது மேனேஜரிடம் ஒப்படைத்து முடித்துவிட்டு முழுநேரம் கோடு எழுத ஆரம்பித்தேன். ஹெச்ஆர் பதிவில் பெயர் மாறியது ஏப்ரல் 1. தேதிக்கு ஹெச்ஆர் பதிவையே வைத்தேன், சரிபார்ப்பில் ஒத்துப்போக வேண்டுமே. ஜனவரியில் நடந்ததை மேனேஜர் பதிவின் கடைசி வரியில் சொல்லிவிட்டேன்.

என் கணக்கில் மூன்றாவது வழிதான் ஜெயிக்கிறது. ஆனால் பதிவைப் பிரித்தால் மட்டும் போதாது, உள்ளே எழுதுவதையும் பிரிக்க வேண்டும். மேனேஜராக இருந்தவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் அது. என் பழைய வரி இப்படி இருந்தது: “பேமெண்ட் அமைப்பைப் புதிய கட்டமைப்புக்கு மாற்றினேன்.” மாற்றியது டீம். நான் செய்தது, அதை இரண்டு கட்டமாகப் பிரிக்க முடிவெடுத்ததும், அதற்காக இரண்டு பேரை வேலைக்கு எடுத்ததும், வேறொரு வேலையைத் தள்ளிப்போட மேலிடத்தைச் சம்மதிக்க வைத்ததும். அதையே எழுதினேன். “இதில் நீங்கள் எழுதிய பகுதி எது?” என்று இன்டர்வியூவில் கேட்டால் தடுமாறாமல் சொல்லக்கூடிய வரி மட்டும்தான் எஞ்சினியர் பதிவில் இருக்கலாம். அந்தச் சோதனையில் என் ஏழு வரிகளில் நான்கு அடிபட்டன. புதிய எஞ்சினியர் பதிவு முதல் ஆறு மாதம் இரண்டே வரிகளோடு மெலிந்து கிடந்தது. இருக்கட்டும் என்று விட்டேன்.

காரணத்தைச் சொல்வதா வேண்டாமா? சொல்லாமல் விட்டால், படிப்பவர் தானாக ஒரு காரணம் கற்பித்துக்கொள்வார், அது பெரும்பாலும் மோசமானதாக இருக்கும். நீளமாகச் சொன்னால் தன்னிலை விளக்கமாகிவிடும். ஒரு வரி போதும்: “என் விருப்பத்தின் பேரில் வடிவமைப்பு வேலைக்குத் திரும்பினேன், டீமைப் புதிய மேனேஜரிடம் மூன்று மாதத்தில் ஒப்படைத்தேன்.” இதில் இரண்டாவது பாதிக்குத்தான் எடை. ஓடிப்போகவில்லை, முறையாகக் கைமாற்றினேன் என்பதை அதுதான் காட்டுகிறது.

ஆனால் ‘என் விருப்பத்தின் பேரில்’ என்பதை எல்லோரும் எழுத முடியாது. என் நண்பர் ஒருவருக்கு டீமையே கலைத்துவிட்டு, எஞ்சினியராக இருங்கள் அல்லது கிளம்புங்கள் என்றார்கள். அவரும் முதலில் என் வரியையே எடுத்துப் போட்டிருந்தார். பழைய சக ஊழியர் ஒருவரிடம் விசாரித்தாலே உடைந்துபோகும் வரி அது. எடுக்கச் சொன்னேன். கடைசியில் அவர் எழுதியது: “மறுசீரமைப்பில் என் டீம் இரண்டு டீம்களோடு இணைக்கப்பட்டது. அதில் ஒன்றில் சீனியர் எஞ்சினியராகத் தொடர்கிறேன்.” யார் செய்தார்கள், ஏன் என்ற புகார் எதுவும் இல்லை. அடுத்த இன்டர்வியூவில் அதைப் படித்தவர், “ரீஆர்க்கா?” என்று மட்டும் கேட்டாராம். ஆமாம் என்றதும், நண்பர் வடிவமைத்த மெசேஜ் க்யூவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.