பேரம் படிந்ததும் வரும் மகிழ்ச்சி: இரண்டு கணக்குகள்

ஒரு பையின் விலைச்சீட்டில் 1000 என்று போட்டுக் குறுக்கே கோடு இழுத்து, கீழே 700 என்று எழுதியிருக்கிறது. வாங்கியவர் 300 லாபம் என்று சொல்லி மகிழ்கிறார். அவர் கையிலிருந்து 700 போயிருக்கிறது. 300 எங்கேயும் வந்து சேரவில்லை. ஆனாலும் அந்த மகிழ்ச்சி பொய்யில்லை. அது எதை எண்ணி வருகிறது என்பதற்குப் பொருளியலில் இரண்டு விடைகள் உண்டு.

முதல் விடை நுகர்வோர் உபரி: ஒருவர் கொடுக்கத் தயாராக இருந்த உச்ச விலைக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள இடைவெளி. இதன் மூலக் கருத்தை 1844-இல் முன்வைத்தவர் ஜூல் தூபுயி என்ற பிரெஞ்சுப் பொறியாளர். ஒரு பாலத்தால் மக்களுக்கு எவ்வளவு பயன் என்பதை அங்கே வசூலாகும் சுங்கத்தை வைத்து அளக்க முடியாது என்றார் அவர். கடந்து போகிறவர்களில் பலர் அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கவும் தயாராக இருப்பார்கள் அல்லவா? அந்த மிச்சமும் பயன்தான். 1890-இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் இதைப் பாடநூல் கருத்தாக்கினார். நம் பைக்கு ஒருவர் அதிகபட்சம் 900 வரை கொடுப்பார் என்றால், 700-க்கு வாங்கும்போது அவருக்கு உபரி 200. இந்தக் கணக்கில் கோடு இழுத்த 1000-க்கு இடமே இல்லை. சீட்டில் வெறும் 700 மட்டும் இருந்தாலும் உபரி அதே 200தான்.

ஆனால் சீட்டில் வெறும் 700 இருந்தால் அந்த மகிழ்ச்சி வருவதில்லை. இங்கேதான் அமெரிக்கப் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1985-இல் இரண்டாவது கணக்கைச் சேர்த்தார். பொருளால் வரும் பயன் ஒன்று, பேரத்தால் வரும் பயன் இன்னொன்று என்று பிரித்தார். பின்னதை பரிவர்த்தனைப் பயன் என்று சொல்லலாம். இந்தப் பொருளுக்கு இதுதான் விலை என்று மனம் வைத்திருக்கும் ஒப்பீட்டு விலைக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள இடைவெளி அது. பையில் அது 300.

இரண்டும் வேறு வேறு என்று காட்ட அவர் கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. வெயிலில் கடற்கரையில் படுத்திருக்கிறீர்கள். நண்பர் பீர் வாங்கி வரப் போகிறார். அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்கிறார். வாங்குமிடம் சொகுசு விடுதி என்று சொல்லப்பட்டவர்களின் இடைநிலை விடை 2.65 டாலர். சிறிய, பழைய மளிகைக்கடை என்று சொல்லப்பட்டவர்களுக்கு அது 1.50 டாலர். அதே பீர், குடிப்பதும் அதே மணலில். விடுதியின் சொகுசு எதுவும் வாய்க்கு எட்டப்போவதில்லை. நுகர்வோர் உபரியை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேறுபாட்டை விளக்க முடியாது.

இரு கணக்குகளும் எதிரெதிராகப் போகும்போதுதான் கை சுடுகிறது. ஒரு மேலங்கிக்கு நீங்கள் 600-க்கு மேல் கொடுக்க மாட்டீர்கள். அது 1400-லிருந்து 700-ஆகக் குறைந்திருக்கிறது. உபரிக் கணக்கில் 100 நட்டம், பேரக் கணக்கில் 700 லாபம். வாங்குகிறோம், அலமாரியில் சீட்டுக்கூடக் கிழியாமல் தொங்குகிறது. இதன் மறுபக்கத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. 900 வரை பெறும் பொருள் இன்று 700, ஆனால் போன வாரம் 550 என்று தெரிந்துவிட்டது. உபரி 200 இருந்தும் மனம் வராமல் திரும்பிவிடுகிறோம். முதல் தவறு அலமாரியில் கண்முன் நிற்கிறது. இரண்டாவது தவறு நடந்ததே தெரிவதில்லை.

யார் வாங்குவார் என்று கணிக்கத் தேலரின் கணக்கு வேண்டும். வாங்கியது நல்லதா என்று கேட்க மார்ஷலின் கணக்குதான் சரி என்பது என் முடிவு. அதற்கும் ஒரு ஓட்டை உண்டு. அந்த 900 மனதில் முன்பே எழுதி வைத்த எண் என்று அது எடுத்துக்கொள்கிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், பொருள்களுக்கு விலை கேட்கும் முன் மாணவர்களை, அமெரிக்க அரசு அவர்களுக்குத் தரும் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி இரு இலக்கங்களை நினைக்கச் செய்தார்கள். பெரிய இலக்கம் வாய்த்தவர்கள் பொருளுக்கும் கூடுதலாகக் கொடுக்க முன்வந்தார்கள். தொடர்பே இல்லாத எண்ணுக்கே இந்த இழுப்பு என்றால், கோடு இழுத்த 1000 நம் 900-ஐயும் மேலே தள்ளியிருக்கலாம். ஆகவே உச்ச விலையைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்தால்தான் அதை நம்பலாம்.

அப்படி எழுதி வைத்தவருக்கு இன்னொன்றும் புரியும். 300 உண்மையாகவே மிச்சமாக வேண்டுமென்றால், தள்ளுபடி இல்லாவிட்டாலும் 1000 கொடுத்து வாங்கியிருப்பவராக அவர் இருக்க வேண்டும். 900-தான் உச்சம் என்று எழுதியவர் 1000-க்கு வாங்கியிருக்கவே மாட்டார். அவருக்குக் கிடைத்தது ஒரு பையும் 200 மதிப்புள்ள மனநிறைவும். தள்ளுபடி வராமல் போயிருந்தால் அந்த 700 அவர் கையிலேயே இருந்திருக்கும்.