முந்தைய எண்ணுடனா, கடைசியாக எழுதிய எண்ணுடனா?

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் கல்வி நிலையத்துக்கு வரவுப் பதிவு நிரல் எழுதிக் கொடுத்தபோது, ஏறுவரிசையில் உள்ள மாணவர் எண்களில் மீள்வருவனவற்றை அதே அணிக்குள்ளேயே நீக்கி, எஞ்சிய நீளத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. மீள்வரும் எண்ணைக் காணும்போதெல்லாம் அதை நீக்கிப் பின்னாலுள்ளவற்றை முன்னே நகர்த்துவதை நான் கருதவே இல்லை, ஏனெனில் ஒவ்வொரு நீக்கத்துக்கும் மீதி அணி முழுவதும் நகர வேண்டியிருக்கும். வாசிக்கும் சுட்டி r, எழுதும் சுட்டி k என இரண்டை வைத்து ஒரே ஓட்டத்தில் முடிப்பதே வழி. ஆனால் a[r] ஐ a[r-1] உடன் ஒப்பிடுவதா, a[k-1] உடன் ஒப்பிடுவதா என்பதில்தான் தெரிவு இருக்கிறது.

ஒவ்வோர் எண்ணும் ஒரு முறை மட்டும் போதும் என்றால் இரண்டும் ஒரே விடையைத் தரும். a[r-1] இல் முன்னர் ஏதாவது எழுதப்பட்டிருந்தால், அது அதே பெறுமானமாகத்தான் இருக்கும். வாசிக்க இலகுவாக இருந்ததால் நானும் முதலில் a[r-1] ஐயே எழுதினேன்.

பின்னர், காலை வகுப்புக்கும் மாலை வகுப்புக்கும் ஒரே மாணவர் வரலாம், ஆகவே இரண்டு வரை இருக்கட்டும் என்றார்கள். நான் r-1 ஐ r-2 ஆக மாற்றினேன். அணி 11, 11, 11, 24, 24, 35 என்று வைத்துக்கொள்வோம். r=3 இல் 24 ஆனது a[2] இல் எழுதப்படுகிறது; r=4 இல் அடுத்த 24 ஐ a[2] உடன் ஒப்பிடும்போது, அங்கே இருந்த 11 போய் இப்போது எழுதிய 24 நிற்பதால், இரண்டாவது 24 தவறாகக் கைவிடப்படுகிறது. 11 நான்கு முறை வந்திருந்தால் இடைவெளி இரண்டாகி விடை சரியாகவே வரும். அட்டையை மூன்று முறை தேய்த்தவருக்கு அடுத்த எண்ணுக்குரியவரின் மாலை வரவு மட்டும் காணாமற்போனதால் பிழையைப் பிடிக்க எனக்கு நாட்கள் சென்றன.

எழுதியதுடன் ஒப்பிடும் முறையில் இந்தச் சிக்கல் இல்லை, ஏனெனில் k இற்கு முன்னுள்ள பகுதி எப்போதும் முடிவான பட்டியல்:

```c
int k = 0;
for (int r = 0; r < n; r++)
    if (k < 2 || a[r] != a[k-2])
        a[k++] = a[r];
return k;
```

மூன்று வரை வேண்டுமென்றால் இரண்டு 2 களும் 3 ஆகும், அவ்வளவுதான். வெற்று அணிக்கும் 0 திரும்பும். வேகத்தில் இரண்டும் ஒரே வகைதான் என்பதாலும், நான் சில நூறு எண்களுடன் மட்டுமே ஓட்டியதாலும், வேகத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

இரண்டு முறைகளுக்கும் பொதுவான ஒன்று, திரும்பும் நீளத்தைக் கைவிடக்கூடாது என்பது. மேலுள்ள நிரலுக்குப் பின் அணி 11, 11, 24, 24, 35, 35 என்று நிற்கும். k இன் பெறுமானம் 5. பட்டியலை n வரை அச்சிட்டால், மாலைக்கு வராத 35 இற்கும் ஒரு வரவு விழும்.