மந்தநிலையா, வெறும் தொய்வா?

பொருளாதாரச் செய்திகளில் இரண்டையும் 'மந்தம்' என்றே எழுதிவிடுகிறார்கள். வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்தாக வேண்டும்.

உற்பத்தி: தொய்வில் வளர்ச்சி 7 சதவீதத்திலிருந்து 4-க்கு இறங்கலாம், ஆனாலும் அது வளர்ச்சிதான். மந்தநிலையில் மொத்த உற்பத்தியே சுருங்கும்.

வேலை: தொய்வில் புது ஆள் எடுப்பது குறையும். மந்தநிலையில் இருக்கிற வேலையே பல துறைகளில் ஒருசேரப் போகும்.

அடுத்தடுத்து இரண்டு காலாண்டு உற்பத்தி சுருங்கினால் மந்தநிலை என்பது வெறும் கைக்கணக்கு. அமெரிக்காவில் 2022-இன் முதல் இரண்டு காலாண்டுகளிலும் உற்பத்தி குறைந்ததாகவே அப்போதைய புள்ளிவிவரம் சொன்னது. ஆனால் அதே ஆறு மாதத்தில் 20 லட்சத்துக்கும் மேல் வேலைகள் கூடின. ஜூனில் வேலையின்மை 3.6 சதவீதம்தான். அங்கே இதைத் தீர்மானிக்கும் தேசியப் பொருளாதார ஆய்வுக் கழகம் சரிவின் ஆழம், பரவல், நீளம் மூன்றையும் பார்க்கும். அது மந்தநிலை என்று அறிவிக்கவில்லை. அப்புறம் இரண்டாம் காலாண்டுக் கணக்கே திருத்தப்பட்டு லேசான வளர்ச்சியாக மாறியது.

2020-இல் நேர்மாறு. சரிவு இரண்டே மாதம்தான், ஆனால் ஏப்ரலில் வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியது. தயங்காமல் மந்தநிலை என்றார்கள்.

ஆகவே உற்பத்திக் கணக்கு மட்டும் இறங்கினால் உடனே மந்தநிலை என்று முடிவுகட்டாதீர்கள். வேலை, வருமானம், விற்பனை எல்லாம் சேர்ந்து மாதாமாதம் இறங்கினால், அது மந்தநிலை.