ஒன்பது போட்டோவை ஒட்டி ஒரே படமாகப் போட்டவனிடம் 18,500 ரூபாய் போச்சு

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், அடங்கினால் சோம்பலில் விட்டுவிடுவேன். பழைய சாமான்களை வாங்கி விற்கும் ஒரு ஆப். பெயர் வேண்டாம், எல்லோர் போனிலும் இந்த மாதிரி ஒன்று இருக்கும். அதில் ஒரு 85 எம்எம் லென்ஸ் 18,500 ரூபாய்க்கு வந்திருந்தது. கல்யாணத்தில் போர்ட்ரெய்ட் எடுக்க எனக்கு ரொம்ப நாளாகத் தேவைப்பட்ட லென்ஸ், விலையும் சந்தேகப்படும் அளவுக்குக் குறைவில்லை.

விளம்பரத்தில் ஒரே ஒரு படம். மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டு ஒன்பது போட்டோவை ஒட்டிய கொலாஜ். முன்கண்ணாடி, பின்கண்ணாடி, மவுண்ட், டப்பா, பில், மூடி, பை என்று ஒன்றையும் விடவில்லை. பார்த்ததும் 'பரவாயில்லையே, எல்லாவற்றையும் காட்டுகிறானே' என்றுதான் தோன்றும். அந்த ஆப்பில் பன்னிரண்டு படம் வரைக்கும் தனித்தனியாக இலவசமாகவே ஏற்றலாம். அப்படியிருக்க ஒன்றாக ஒட்ட வேண்டிய அவசியம் என்ன?

போன் செய்து கண்ணாடியை மட்டும் தனியாக எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டேன். "அண்ணா, நானும் கல்யாண போட்டோகிராபர்தான், உங்ககிட்ட பொய் சொல்வேனா? என் போன் கேமரா சரியில்லைண்ணா, நல்லா வந்த ஒன்பதையும் அதுல போட்டிருக்கேன், பில் கூட இருக்கு பாருங்க" என்றான். "சரி தம்பி" என்று பணத்தைக் கட்டிவிட்டேன். பொருள் கைக்கு வந்து 48 மணி நேரம் வரை பணத்தை ஆப் பிடித்து வைத்திருக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததால் அந்தத் தைரியமும் இருந்தது.

பார்சல் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் லென்ஸ் பளபளவென்று இருக்கிறது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, பின்பக்கம் டார்ச் அடித்து, லென்ஸைக் கொஞ்சம் சாய்த்து முன்பக்கமாகப் பார்த்தேன். உள்கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடு வரைக்கும் சிலந்தி வலை மாதிரி நூல் நூலாக ஃபங்கஸ் ஓடியிருக்கிறது. மழைக்காலத்தில் பையிலேயே பூட்டி வைத்த லென்ஸுக்கு வருவதுதான். வெளிச்சத்துக்கு எதிராக ஒரு படம் எடுத்தேன், கருப்பு கருப்பாகவே இல்லை, படம் முழுக்கப் புகை மூட்டம். சர்வீஸ் கடைக்காரர் பார்த்துவிட்டு, "கோட்டிங்கையே அரிச்சிருச்சு சார், துடைச்சாலும் தழும்பு போகாது" என்றார்.

அப்புறம் அந்தக் கொலாஜை இறக்கி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். படத்தின் அளவு 1080-க்கு 1080 பிக்சல். அதில் ஒன்பது கட்டம் என்றால் ஒரு கட்டத்துக்கு 360 பிக்சல்தான். அந்தக் கட்டத்தில் முன்கண்ணாடி சுமார் 200 பிக்சல் அகலத்துக்கு இருக்கிறது. கண்ணாடியே ஆறு சென்டிமீட்டர்தான், அப்படியானால் ஒரு புள்ளிக்கு 0.3 மில்லிமீட்டர். ஃபங்கஸ் நூலோ தலைமுடியை விட மெல்லியது. எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்தப் படத்தில் அது தெரியவே தெரியாது, கட்டம் கட்டமாக உடைந்துதான் போகும். அதே போட்டோவைத் தனியாக ஏற்றியிருந்தால் அதே ஆப் அதற்கு முழு 1080-ஐயும் கொடுத்திருக்கும். கண்ணாடிக்கு மட்டும் 600 பிக்சல் வந்திருக்கும். நூல் தனியாகத் தெரியாவிட்டாலும் ஓரத்தில் ஒரு வெள்ளைப் படலமாவது கண்ணில் பட்டிருக்கும். இன்னொன்று, கொலாஜ் போடும் ஆப் எல்லாப் படத்தையும் சதுரமாக நறுக்கிவிடும். முன்கண்ணாடிப் படத்தில் ஓரம் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. ஃபங்கஸ் பெரும்பாலும் ஓரத்தில்தான் ஆரம்பிக்கும் என்பது லென்ஸ் விற்கிறவனுக்குத் தெரியாதா?

பில் கட்டம் இதைவிட மோசம். சீரியல் நம்பர் இருக்கும் வரி ஒரு சாம்பல் கோடாகத்தான் தெரிகிறது. டப்பாவோடு வந்த பில்லை எடுத்துப் பார்த்தால் பில்லிலும் டப்பாவிலும் ஒரே நம்பர், லென்ஸில் வேறு நம்பர். ஏதோ ஒரு நல்ல லென்ஸின் டப்பாவையும் பில்லையும் இந்தச் சீக்கு லென்ஸோடு ஒட்டி விற்றிருக்கிறான். ஒரே படத்துக்குள் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இருந்ததால்தான் எல்லாம் ஒரே பொருளுடையது என்று கண் நம்பிவிட்டது.

அவனுக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. சரி, ஆப்பில் புகார் கொடுக்கலாம் என்று போனால் அங்கேதான் உச்சகட்டக் கூத்து. புகார்ப் படிவத்தில் ஆதாரத்துக்கு ஒரே ஒரு படம்தான் ஏற்ற முடியும், அதுவும் 2 எம்பிக்குள். என்னிடம் ஃபங்கஸ், லென்ஸ் நம்பர், டப்பா நம்பர், பில், பார்சல் சீட்டு, விளம்பரம் என்று ஆறு படம். தனித்தனியாக மெயிலில் அனுப்பினால் "படிவத்தின் வழியாக மட்டுமே ஏற்போம்" என்று ஒரு வரி பதில். கஸ்டமர் கேரில் ஒரு பெண், "சார், ஆறையும் ஒரே இமேஜா ஜாயின் பண்ணி அப்லோட் பண்ணுங்க" என்றார். அவர் சொன்னபடியே பண்ணினேன். வந்த பதில்: "படம் தெளிவாக இல்லை, குறையை உறுதிசெய்ய இயலவில்லை." திரும்பக் கூப்பிட்டால் வேறொருவர், "விளம்பரத்துலயே ஒன்பது போட்டோ இருந்திருக்கே சார், பார்த்துத்தானே வாங்கினீங்க?" என்கிறார். விற்கிறவன் ஒட்டினால் அது ஒன்பது போட்டோ, நான் ஒட்டினால் தெளிவில்லாத ஒரே படம்! இந்த இழுபறியிலேயே 48 மணி நேரம் தாண்டியது, 18,500 ரூபாய் அவன் கணக்குக்குப் போய்விட்டது, என் புகாரை "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள்.

எப்படி வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கொலாஜ் மட்டும் போட்டிருந்தால் தனிப் படம் வராமல் பணம் கட்டாதீர்கள். படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்படி வந்தால்தான் சுருங்காது, எடுத்த தேதியும் கூடவே வரும். ஒட்டிய படத்தில் அந்தத் தேதியும் கிடைக்காது. லென்ஸ் நம்பரும் டப்பா நம்பரும் ஒரே போட்டோவில் சேர்ந்து தெரிய வேண்டும், தனித்தனிக் கட்டத்தில் இருந்தால் அதற்கு மதிப்பே இல்லை. டார்ச் அடித்து எடுத்த வீடியோ கேளுங்கள். புகார்ப் படிவத்தில் எத்தனை படம் ஏற்றலாம் என்பதை வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே படம்தான் என்றால் ஃபங்கஸ் படத்தை மட்டும் முழு அளவில் போட்டுவிட்டு, மற்ற நம்பர்களை எழுத்தில் டைப் பண்ணுங்கள்.

மின்வணிக விதிகள் 2020-இன்படி புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அவர்களுடைய குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஆறு படத்தையும் தனித்தனி இணைப்பாக அனுப்பியிருக்கிறேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தாயிற்று. 18,500 ரூபாய் இன்னும் வரவில்லை.